ரெஸ்யூமே சொல்லாததைக் கோப்பில் தேடினேன்

பொருள்களின் அட்டைப்பெட்டிகளை வடிவமைக்க ஒரு கிராஃபிக் டிசைனர் தேவை என்று நாங்கள் அறிவித்திருந்தோம். அச்சுக்குக் கோப்பு தயாரிக்கும் அனுபவம் அவசியம் என்பதே அதன் முதல் நிபந்தனை. ஆனால் நான் முதலில் தேர்ந்தெடுத்தவரின் ரெஸ்யூமேயில் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருள் திறனுக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரங்கள் இருந்தன (அவரே அவருக்கு அளித்த மதிப்பெண்கள்தாம்). போர்ட்ஃபோலியோ இணைப்பிலோ பளபளக்கும் மாக்கப் படங்கள் மட்டுமே இருந்தன. அவர் தயாரித்த முதல் கோப்பை அச்சகம் திருப்பி அனுப்பியது: வெட்டுக்கோட்டுக்கு வெளியே விட வேண்டிய 3 மி.மீ. பிளீட் இல்லை, வண்ணங்கள் திரைக்கான ஆர்ஜிபி முறையிலேயே இருந்தன.

பிழை என்னுடையது. மாக்கப் என்பது ஆயத்த வார்ப்பில் ஒட்டிய படம். பெட்டி எங்கே மடிகிறது, பசை தடவும் மடிப்பு எங்கே வருகிறது என்பதை அது காட்டாது.

அடுத்த தேர்வில், இணைப்பிலிருந்து ஒரு பணியை நானே குறிப்பிட்டு, ரகசியக் கட்டுப்பாடு இல்லையெனில் அதன் மூலக்கோப்பை என் முன்னால் திறந்து, பெட்டியின் அகலத்தை 5 மி.மீ. குறைத்துக் காட்டுமாறு கேட்டேன். ஒருவர், பெட்டியின் வெட்டு, மடிப்புக் கோடுகளைக் காட்டும் டைலைன் தனி லேயரில் இருப்பதைக் காட்டிப் பத்து நிமிடங்களில் முடித்தார். அப்பணியில் எழுத்துரு மட்டுமே தன் தேர்வு, ஓவியம் சக ஊழியருடையது என்றும் தாமாகவே கூறினார். குழுப்பணியில் எது யாருடைய பங்கு என்பதை எந்த ரெஸ்யூமேயும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவரையே பணியில் அமர்த்தினோம். எனினும் வாடிக்கையாளர் நான்காம் முறை திருத்தம் கேட்கும்போது அவர் எப்படி நடந்துகொள்வார் என்பது அந்தப் பத்து நிமிடங்களிலும் தெரியவில்லை.