சரியான விடை தந்தும் புரியாத தசமம்: என் அனுபவம்

ஏழாம் வகுப்புக்கு "எது பெரியது?" என்று 0.5, 0.25, 0.125, 0.375 கொடுத்தேன். பெரும்பாலானவர்கள் 0.5 என்று குறித்தார்கள். ஆனால் அதே பிள்ளைகளில் சிலர் ஏறுவரிசையில் எழுதச் சொன்னால் 0.47-ஐ 0.3-க்கு முன்னால் வைத்தார்கள்.

எண்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பயனில்லை. 0.05 என்றொரு விடையைச் சேர்த்தேன், "மேற்கண்ட எதுவுமில்லை" என்று போட்டேன், யாரும் தொடவில்லை.

அப்புறம் விடைகளையே எடுத்துவிட்டு, 0.4, 0.385 இரண்டில் எது பெரியது, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். 385 தான் பெரிய எண், அதனால் 0.385 என்று சிலர்; இது தெரிந்த தவறுதான். இன்னொரு கூட்டம், நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியதாம், அதனால் புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினாலே எண் சிறியதாம். பாதி சரியான யோசனை! என் பழைய கேள்வியில் இவர்களுக்கு 0.5 தானாகவே கிடைத்துவிடும்.

அதனால் சரியான விடையை நீளத்தில் நடுவில் வைத்தேன்: 0.4, 0.62, 0.385. முதல் கூட்டம் 0.385-க்குப் போகும், இரண்டாவது 0.4-க்கு. நான்காவது விடைக்கு எந்தத் தவறும் பொருந்தவில்லை, விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு தவறான விதியையும் வைத்து நானே கேள்வியைப் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றாவது சரியான விடையில் போய் நின்றால் எண்களை மாற்றிவிடுகிறேன். ஊகத்தில் குறிப்பவர்களை மட்டும் இதில் பிடிக்க முடியாது, அதற்கு இதே அமைப்பில் வேறு எண்களோடு இன்னொரு கேள்வி வேண்டும்.