சாய்ந்தும் ஆடாத பல்: லேட்டரல் லக்சேஷனுக்கு ஸ்ப்ளிண்ட் கட்டுவது எப்படி?

அடிபட்ட நிரந்தரப் பல்லைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் போதும்: இடம் மாறியிருக்கிறதா, ஆடுகிறதா? இடம் மாறாமல், தட்டினால் மட்டும் வலித்தால் கன்கஷன். கூடவே ஆட்டமும் இருந்தால் சப்லக்சேஷன். குழியிலிருந்து வெளியே இறங்கி ஆடினால் எக்ஸ்ட்ரூஷன், எலும்புக்குள் ஏறிவிட்டால் இன்ட்ரூஷன். லேட்டரல் லக்சேஷன்தான் ஏமாற்றும்: பல் சாய்ந்திருக்கும், ஆனால் அசையாது. ஆட்டமில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் மதகில் வழுக்கி விழுந்த 14 வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். மேல் முன்பல் ஒன்று அண்ணத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது. வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் இடிக்கிறது. வாய் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் தட்டினால் உலோகத்தைத் தட்டியதுபோல் கணீரென்று கேட்கிறது. உதட்டை உயர்த்தித் தடவினால் ஈறுக்கு மேலே ஒரு புடைப்பு. அது வேர்நுனி. முன்புற எலும்பை உடைத்துக்கொண்டு அங்கே சிக்கியிருப்பதால்தான் பல் ஆடவில்லை. பெரிஅபிகல் படத்தோடு, கோணம் மாற்றி இரண்டு படமும் ஒரு ஆக்லூசல் படமும் எடுங்கள்.

வாயைச் சலைனால் கழுவி, மரத்துப்போக ஊசி போடுங்கள். பலர் பல்லின் தலையை மட்டும் முன்னால் தள்ளிப் பார்ப்பார்கள், சிக்கு விடாது. ஒரு விரலால் புடைப்பைக் கீழ்நோக்கி அழுத்தி முதலில் வேர்நுனியை விடுவியுங்கள். பிறகு அண்ணத்துப் பக்கமிருந்து பல்லை முன்னே தள்ளினால் குழிக்குள் உட்காரும். எலும்பை விரல்களால் அமுக்கி, ஈறு கிழிந்திருந்தால் தையல் போட்டு, கடி சரியா என்று பார்த்து, படம் எடுத்து உறுதிசெய்யுங்கள்.

ஸ்ப்ளிண்டுக்கு 0.4 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி எடுங்கள். இருபுறமும் ஒவ்வொரு நல்ல பல் வரை எட்டினால் போதும். கம்பி பற்களின் மேல் அழுத்தமில்லாமல் படியும்வரை வளையுங்கள். படியாத கம்பியை ஒட்டினால் அது பல்லை மறுபடி இழுத்துவிடும். எட்ச் செய்து பாண்ட் பூசியபின் நல்ல பற்களில் முதலில் காம்போசிட் வையுங்கள். அடிபட்ட பல்லைச் சரியான இடத்தில் பிடித்தபடி கடைசியில் ஒட்டுங்கள். காம்போசிட் ஈறையோ பல் இடுக்கையோ தொட்டால் அழுக்குச் சேர்ந்து ஈறு வீங்கும்.

எக்ஸ்ட்ரூஷனுக்கு 2 வாரம் போதும். இங்கே எலும்பும் உடைந்திருப்பதால் 4 வாரம். அதுவரை மென்மையான உணவு, மென்மையான பிரஷ், முதல் இரண்டு வாரம் தினம் இருமுறை 0.12% குளோர்ஹெக்சிடின். சேற்றில் விழுந்தவன் என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி விவரத்தையும் கேளுங்கள்.

14 வயதில் வேர்நுனி மூடியிருக்கும். பல்ப் பிழைப்பது அரிது. ஆகவே 2-ஆம் வாரத்தில் ரூட் கனால் தொடங்குங்கள். கம்பி முன்புறம் இருப்பதால் அண்ணத்துப் பக்கம் திறக்கத் தடையில்லை. தாமதித்தால் வேர் அரிக்கத் தொடங்கலாம். வேர்நுனி திறந்த சிறுவர்களுக்கு அவசரம் வேண்டாம், ரத்த ஓட்டம் திரும்பலாம். அவர்களிடம் குளிர்ச் சோதனைக்குப் பதிலில்லை என்பதை மட்டும் வைத்து பல்ப் இறந்ததாக முடிவுகட்டாதீர்கள்.

4-ஆம் வாரப் படத்தில் விளிம்பு எலும்பு சிதைந்து தெரிந்தால் ஸ்ப்ளிண்டை இன்னும் 4 வாரம் விடலாம். இல்லையென்றால் கழற்றிவிட்டு 8, 12-ஆம் வாரங்களிலும், 6 மாதத்திலும், ஒரு வருடத்திலும், பிறகு 5 வருடம்வரை ஆண்டுதோறும் படமெடுத்துப் பாருங்கள்.