இறால் பக்கெட்டில் எவ்வளவு இறால்?

மட்டக்களப்பில் வாவி இறால் கிடைக்காத நாட்களில் நான் உறைந்த இறால் பக்கெட் வாங்குவேன். உறைந்த இறால் காய்ந்து போகாமலிருக்க அதன் மேல் மெல்லிய ஐஸ் பூச்சு வேண்டும்தான். ஆனால் அந்த ஐஸுக்கும் நாம் இறால் விலை கொடுக்கக்கூடாது.

போன மாதம் 500 கிராம் என்று போட்டிருந்த ஒரு பக்கெட்டை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். வடிதட்டில் கொட்டி, குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் மேல் ஐஸ் மட்டும் கரையும்வரை பிடித்தேன். இறால் உள்ளே இன்னும் கல்லாகவே இருக்க வேண்டும், முழுதாக இளகவிட்டால் அதன் சாறும் போய் எடை தப்பாகிவிடும். உடனே துடைத்து நிறுத்தேன்: 400 கிராம். அப்படியென்றால் 100 கிராம் 300 ரூபாய் இல்லை, 375 ரூபாய். அப்புறம் நான் பக்கெட்டில் 'ஐஸ் நீங்கலான நிகர எடை' என்று இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

கடையிலேயே பக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். தனித்தனியாக உறையவைத்த இறால் கலகலக்கும். ஒரே கட்டியாக ஒட்டி, மூலையில் இளஞ்சிவப்பு ஐஸ் தேங்கியிருந்தால், கரண்ட் போனபோதோ வண்டியிலோ இளகி மறுபடி உறைந்திருக்கக்கூடும். இறைச்சிப் பக்கெட்டிலும் அந்தச் சிவந்த ஐஸைக் கண்டால் நான் எடுப்பதில்லை.