பால் காய்ச்சும் வீட்டுக்குச் சீர் கொண்டு போகும்போது செய்யும் பிழைகள்

போன தை மாதம் என் தங்கச்சி நானுஓயாவில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினாள். எட்டுப் பேர்ச் காணி, வேறொரு குடும்பம் இருந்துவிட்டுப் போன வீடு. ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் விடியக்காலை 5.45. அம்மா வீட்டுச் சீர் என்று நாங்கள் ஒரு தாம்பாளம் கொண்டு போனோம். விளக்கு, எண்ணெய், பால் பானை, உப்பு, மஞ்சள், அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு என்று குறையில்லாமல் அடுக்கியிருந்தோம். ஆனாலும் அன்றைக்கு இரண்டு இடத்தில் முழித்தோம்.

முதல் இடம் விளக்கு. குத்துவிளக்கு நல்ல சீர்தான், சந்தேகமே இல்லை. எண்ணெய்ப் போத்தலைத் திறந்து சாய்த்தால் ஒரு சொட்டு வரவில்லை. தேங்காயெண்ணெய் மெழுகு மாதிரி உறைந்து கிடந்தது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். தை மாத விடியலில் நுவரெலியாப் பக்கம் எவ்வளவு குளிரும் என்று சொல்ல வேண்டியதில்லை, சில நாள் புல்லிலே பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். சரி, சுடுதண்ணீரில் போத்தலை வைக்கலாமே என்றால், பால் பொங்கும் முன்னால் அந்த வீட்டு அடுப்பில் வேறு எதற்கும் தீ மூட்டக்கூடாது. கடைசியில் மாமா போத்தலை ஸ்வெட்டருக்குள் விட்டு, கையால் அணைத்தபடி கால் மணி நேரம் நின்றார். அப்பாயி அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளையைத் தூக்கி வச்ச மாதிரி நிக்கிறான் பாரு" என்று சிரித்தது.

மலைநாட்டில் விளக்கு கொடுக்கிறவர் நல்லெண்ணெய் கொண்டு போவதுதான் சரி. அது இந்தக் குளிருக்கு உறையாது. திரியையும் முதல் நாள் இரவே அதே எண்ணெயில் ஊறப் போட்டு, சின்ன டப்பாவில் மூடி எடுத்துப் போங்கள். காய்ந்த திரியை அங்கே போய் நனைத்தால் தீக்குச்சிதான் தீரும். இன்னொன்று, குத்துவிளக்கு துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். அடி, தண்டு, தட்டு, மேலே அன்னமோ சேவலோ. வாங்கிய அன்றே பூட்டிப் பாருங்கள். மறை சரியாக இறங்காவிட்டால் தட்டு ஒரு பக்கம் சாயும், எண்ணெய் ஒழுகும். மூன்றடி விளக்கு வாங்கிக் கொடுத்துப் பெருமைப்படுகிறவர்கள், அந்த வீட்டில் சாமி வைக்கும் இடம் எவ்வளவு பெரியது என்று முதலில் கேளுங்கள். பல வீட்டில் அது சுவரில் அடித்த ஒரு பலகைதான். ஒன்றரை அடிக்கு மேலே போனால் விளக்கு பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

இரண்டாவது இடம் பானை. மண்பானையில் பால் பொங்கினால்தான் மனசு நிறையும் என்று பெரியம்மா முதல் நாள் மாலை புதுப்பானை வாங்கி வந்தார். அதை அப்படியே கேஸ் அடுப்பில் ஏற்றினோம். பால் சூடேறும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அடியில் கோடு விழுந்து பால் அடுப்பில் கசிந்தது. தங்கச்சியின் மாமியார் முகம் போன போக்கை எழுத வேண்டாம். நல்ல வேளை, பக்கத்தில் ஒருவர் கொடுத்த எவர்சில்வர் பாத்திரம் இருந்தது. மிச்சப் பாலை அதற்கு மாற்றி, நேரம் முடியும் முன்னால் பொங்க வைத்தோம்.

பானையில் குற்றமில்லை, எங்கள் அவசரம்தான். புது மண்பானையை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பிறகு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, சின்னத் தீயில் கொதிக்க விட்டு, ஆறவைத்துக் காய வைக்க வேண்டும். இந்தக் குளிரில், அதுவும் மழைக் குணம் இருந்தால், காயவே இரண்டு மூன்று நாள் போகும். அதனால் மண்பானை கொடுக்க ஆசைப்பட்டால் ஒரு கிழமைக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். அளவும் முக்கியம். ஒரு லீட்டர் பாலுக்கு ஒன்றேகால் லீட்டர் பானை போதும். முக்கால் பங்குக்கு மேல் பால் நின்றால்தான் சீக்கிரம் விளிம்பைத் தாண்டும். பெரிய பானையின் அடியில் கொஞ்சப் பாலை விட்டால் அது உள்ளேயே கொதித்துச் சுண்டும், எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இந்த இரண்டையும்விடப் பரவலான பிழை நேரத்தைப் பற்றியது. சாமி படம், விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி இவையெல்லாம் வீட்டுக்காரரோடு வாசல்படி தாண்ட வேண்டியவை. அவற்றைப் பத்து மணிக்குச் சாப்பாட்டுக்கு வரும்போது நீட்டினால், வாங்கி வைப்பார்கள், ஆனால் அவர்கள் ஏற்கெனவே வேறு உப்பை, வேறு விளக்கைக் கொண்டு போயிருப்பார்கள். முதல் நாளே கொடுக்க முடியாவிட்டால் சமையலுக்கு உதவும் பாத்திரம், பாய், போர்வை மாதிரி எதையாவது கொண்டு போங்கள். நல்ல கம்பளிப் போர்வைக்கு இங்கே எப்போதும் மதிப்புண்டு.

உப்பை எதில் கொண்டு போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அழகுக்காகப் பித்தளைச் சொம்பில் நிரப்புகிறார்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், மலைநாட்டுப் பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு மாதத்தில் சொம்பின் உள்பக்கம் பச்சை பிடித்துவிடும். பீங்கான் சாடியோ மூடியுள்ள கண்ணாடிப் போத்தலோ நல்லது. கல்லுப்பாக இருக்கட்டும்.

பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கடைப் பெட்டியோடு கொடுக்கும்போது மறந்துவிடுகிறது. உள்ளே ஒரு பிடி அரிசியோ சீனியோ போட்டால் முடிந்தது. எங்களைக் காப்பாற்றிய அந்த எவர்சில்வர் பாத்திரத்தில் சீனிப் பொட்டலம் ஒன்று இருந்தது. கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனை வேண்டாம். சமையல் சாமான் செட்டாக வாங்கினால் அதற்குள் கத்தி இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். கறுப்புத் துணியும் அப்படித்தான். இதெல்லாம் நம்பிக்கைதானே என்று எனக்கும் தோன்றும். ஆனால் அன்றைய நாள் நம்முடையது இல்லை.

சாமி படத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள். தங்கச்சி வீட்டில் ஐந்து பிள்ளையார் சேர்ந்தார். அதில் ஒருவர் பஸ்ஸிலேயே கண்ணாடி உடைந்து வந்தார். அதைக் கையில் கொடுக்கவும் முடியாது, திருப்பிக் கொண்டு போகவும் மனசு வராது. மண்மேட்டை ஒட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மழைக்காலத்தில் ஈரம் ஊறும். பின்னால் வெறும் காகித அட்டை வைத்த படத்தை அங்கே மாட்டினால், ஆறு மாதத்தில் சாமி முகத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கட்டாயம் படம்தான் என்றால் உலோகத் தகட்டில் அச்சிட்டதையோ சின்னச் சிலையையோ பாருங்கள்.

கேக் விஷயமும் ஒன்று உண்டு. நம் நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் கேக் பெட்டியோடு போய்ப் பழகிவிட்டோம். ஹோமம் வளர்த்த வீட்டில் அன்று சைவம், கேக்கிலோ முட்டை. லட்டு, பழம், நல்ல தேயிலை என்று போய்விடுங்கள்.

காசு கொடுப்பதாக இருந்தால் 1,001 அல்லது 5,001 என்று ஒன்று கூட்டிக் கொடுப்பது வழக்கம். ஒரு ரூபாய்க் குற்றி இப்போது கையில் அகப்படுவது அரிது, முதல் நாளே தேடி எடுத்து உறையில் ஒட்டி வையுங்கள்.

அப்புறம் தாம்பாளம். அது சீரோடு சேர்ந்ததா, திரும்ப வேண்டுமா என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் குழம்புவார்கள், நாம் கேட்கவும் மாட்டோம். எங்களுடையது அப்பாயி காலத்துப் பித்தளை. தங்கச்சி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துத் திருப்பி அனுப்பினாள், நடுவில் அந்தத் தேங்காயெண்ணெய்ப் போத்தலும் இருந்தது.