தேதியும் நேரமும் மட்டும் தடித்த எழுத்தில்

வாட்ஸ்அப்பில் சந்திப்பு நேரம் அனுப்பும்போது நாள், மணி இருக்கும் ஒரே வரியை மட்டும் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டுத் தடித்த எழுத்தாக்கி, அதற்கு மேலும் கீழும் ஒரு வெற்று வரி விடுங்கள். எமோஜி ஒன்று போதும், அதுவும் இடத்தைக் காட்டும் 📍 மாதிரி வேலை செய்கிறதாக இருக்கட்டும். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு வாடிக்கையாளரை அழைக்கிறீர்கள் என்றால்:

```
வணக்கம் சார், டைல்ஸ் டிசைன் பார்க்க:

*சனிக்கிழமை காலை 10:30-க்கு*

📍 காரைக்குடி பழைய பேருந்து நிலையம்
வர இயலுமா? வெள்ளி மாலைக்குள் சொல்லுங்கள்.
```

இரண்டு நாள் கழித்து "எத்தனை மணி சொன்னீங்க?" என்று தேடுகிறவரின் கண் நேரே அந்த வரியில்தான் விழும். நாலு வரியைத் தடிமனாக்கினால் எதுவும் தனித்துத் தெரியாது, கல்யாண வீட்டு பேனர் மாதிரி ஆகிவிடும். நட்சத்திரக் குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டால் தடிமன் வராமல் குறி அப்படியே நிற்கும். "-க்கு" போன்ற உருபையும் குறிக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது. கணினியில் என்டர் தட்டினால் பாதிச் செய்தி பறந்துவிடும், அங்கே வரி மாற்ற ஷிப்ட்டும் என்டரும் சேர்த்து.

எஸ்எம்எஸ்ஸில் இது உதவாது, நட்சத்திரம் நட்சத்திரமாகவே போய்ச் சேரும். துக்க வீட்டுச் செய்திக்கும், பணம் பாக்கி கேட்கும் செய்திக்கும் எமோஜி வேண்டவே வேண்டாம். "சரி சார், 11 மணிக்கு" என்ற ஒரு வரி பதிலுக்கு இந்த அலங்காரம் எதற்கு?