வாசலில் ஓர் எண்கோடு: 4, 2, 3 மூன்றையும் கூட்டுவது எப்படி?

ஆந்திராவில் இருக்கும் எங்கள் நகரிப் பக்கம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது மரத்தில் பெங்களூரா மாங்காய் இருக்கும். முதல் நாள் காற்றில் 4 விழுந்தது, மறுநாள் 2, அதற்கு மறுநாள் 3. மொத்தம் எத்தனை? இப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த மூன்று எண்களையும் எண்கோட்டில் கூட்டக் கற்றுக்கொடுப்போம். 10 வரை வாய்விட்டு எண்ணவும், அந்த எண்களைப் பார்த்தால் அடையாளம் சொல்லவும் தெரிந்தால் போதும்.

கோடு போடுவது

வாசலைக் கூட்டிவிட்டு, சுண்ணக்கட்டியாலோ கோலமாவாலோ நீளமாக ஒரே ஒரு கோடு இழுங்கள். அதன்மேல் ஓர் அடி ஸ்கேலை வைத்து வைத்து 11 குறிகள் போடுங்கள். முதல் குறிக்குக் கீழே 0, கடைசிக் குறிக்குக் கீழே 10. மொத்தம் மூன்று மீட்டர்தான் ஆகும், திண்ணையிலேயே கூடப் போட்டுவிடலாம். ஓர் அடி என்பது அந்த வயதுப் பிள்ளை சிரமம் இல்லாமல் தாண்டுகிற தூரம். இடைவெளி கண்டபடி இருந்தால் ஒரு தாவலில் இரண்டு குறிகளைத் தாண்டிவிடும், அதனால் கண்ணளவில் போடாதீர்கள்.

பாண்டி ஆட்டத்துக்குப் போடுவதுபோல் கட்டம் போட்டு, உள்ளே எண் எழுதினால் ஆகாதா என்று கேட்கலாம். மிகச் சின்னப் பிள்ளைக்கு அது சுலபம்தான், தப்பில்லை. ஆனால் கட்டத்தில் நாம் எண்ணுவது கட்டங்களை. எண்கோட்டில் எண்ணுவது ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்குப் போகும் தாவலை. இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை குழம்பிப்போகும். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

0 என்ற குறியை மட்டும் விட்டுவிடக் கூடாது. 1-இல் நிற்க வைத்து ஆரம்பித்தால் எல்லா விடையும் ஒன்று கூடிப்போகும்.

முதலில் ஒரே ஓர் எண்

பிள்ளை 0-வில் நிற்கட்டும். "நாலு மாங்காய், நாலு தாவு." ஒரு தாவலுக்கு ஓர் எண். கால் தரையில் படும்போதுதான் எண்ணைச் சொல்ல வேண்டும், கிளம்பும்போது சொல்லக் கூடாது. 4-இல் போய் நிற்கும். இதையே 2, 5, 3 என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தாவிய எண்ணிக்கையும் காலடியில் இருக்கும் எண்ணும் ஒன்றாகவே வருவதைப் பிள்ளை பார்க்கும். அடுத்த படியில் அந்த இரண்டும் வேறு வேறாகும். சிக்கலே அங்கேதான்.

இப்போது பட்டியல்

பலகையில் 4, 2, 3 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிள்ளை 0-விலிருந்து நான்கு தாவி 4-இல் நிற்கட்டும். பலகையில் 4-ஐ அடித்துவிடுங்கள். பிறகு, பிள்ளை நிற்கும் இடத்தை விட்டு நகராமலேயே அடுத்த எண்ணைக் காட்டுங்கள். இரண்டு தாவினால் 6. அதை அடித்துவிட்டு மூன்று தாவினால் 9. கூடையில் இருக்கும் மாங்காய்களைக் கொட்டி எண்ணினாலும் 9 வர வேண்டும். எண்ணிக் காட்டுவதை விட்டுவிடாதீர்கள். கோடு சொல்வது நிஜம்தான் என்று பிள்ளைக்குத் தெரிவது அப்போதுதான்.

பெரும்பாலும் முதல் தடவை 9 வராது. வருகிற விடையைப் பார்த்தே எங்கே இடறியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

விடை 3 என்றால், ஒவ்வொரு எண்ணுக்கும் பிள்ளை 0-வுக்கே திரும்பிப் போயிருக்கிறது. அல்லது "மூணு" என்று கேட்டதும் 3 என்ற குறியைத் தேடிப் போய் நின்றிருக்கிறது. இதற்கு மருந்து எளிது: நிற்கும் இடத்தில் ஒரு மாங்காயை வைத்து, "இதுவரைக்கும் விழுந்ததெல்லாம் இங்கே இருக்கு, இங்கேயிருந்து கிளம்பு" என்று சொல்லுங்கள்.

விடை 7 என்றால் கொஞ்சம் கவனிக்க வேண்டும், அதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். பலகையில் 2 அடிபடாமல் இருந்தால் பிள்ளை அதைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். மூன்றும் அடிபட்டிருந்தால், நிற்கிற குறியையே "ஒண்ணு" என்று எண்ணியிருக்கிறது. 4-இல் நின்றபடியே "ஒண்ணு", 5-க்குத் தாவி "ரெண்டு". அங்கேயே நின்று மறுபடி "ஒண்ணு", பிறகு 6, 7. ஒவ்வொரு புது எண்ணிலும் ஒன்று குறையும், ஆக மொத்தம் இரண்டு குறையும். பெரியவர்கள்கூட நாள் கணக்குப் போடும்போது இதே இடத்தில் தடுமாறுகிறோம், பிள்ளையைக் கோபித்துப் பயனில்லை.

இதைத் திருத்த, கிளம்பும் முன் ஒரு காலைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய கால் கீழே படும்வரை வாய் திறக்கக் கூடாது. படும்போது நீங்கள் ஒரு கை தட்டுங்கள். தட்டின சத்தம் எத்தனையோ அத்தனை தாவல்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. வீட்டில் தமிழில் எண்ணுவார்கள், பள்ளிக்கூடத்தில் தெலுங்கில். என் தம்பி மகள் தாவலைத் தமிழிலும், போய் நின்ற குறியைத் தெலுங்கிலும் சொல்லுவாள். 4-இலிருந்து கிளம்பி, "ஒண்ணு, ரெண்டு" என்று தாவி நின்று, "அத்தை, ஆறு!" என்பாள். ஆறு இரண்டிலும் ஆறுதான், அங்கே பயன் தெரியாது. அடுத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தாவி "தொம்மிதி!" என்று நிற்கும்போது தெரியும். தாவின கணக்கு ஒரு பக்கம், போய்ச் சேர்ந்த இடம் ஒரு பக்கம், ஒன்றோடொன்று கலக்காது. ஒரே மொழி பேசும் வீட்டில் தாவலைச் சத்தமாகவும் குறியைக் காதோடு காதாகவும் சொல்லச் சொல்லலாம்.

தாளுக்கு வருவது

வாசலில் தடுமாற்றம் நின்றபிறகு தாளில் வரைந்தால் போதும். ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் 0 முதல் 10 வரை குறி போட்டால் 15 சென்டிமீட்டர், நோட்டின் அகலத்துக்குள் அடங்கும். தாவலைக் குறிக்குக் குறி சின்ன வளைவாகப் பென்சிலால் வரையட்டும். 4-க்கு ஒரு நிறம், 2-க்கு ஒரு நிறம், 3-க்கு ஒரு நிறம். குறிகளை எண்ணாமல் வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். எந்த எண் விட்டுப்போனது என்று நிறமே காட்டிக்கொடுக்கும்.

ஒருநாள் அதே எண்களை 3, 4, 2 என்று மாற்றி எழுதிக் கொடுங்கள். மறுபடியும் 9-இல் வந்து நிற்பதைப் பிள்ளையே பார்க்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பெரிய எண்ணிலிருந்து தொடங்குவது சுலபம் என்பதெல்லாம் அப்புறம் தானாக வரும்.

மூன்று எண்கள் போதும். மொத்தம் 10-ஐத் தாண்டாத பட்டியலாகவே கொடுங்கள். தாண்டினால் கோடு தீர்ந்துபோய்ப் பிள்ளை கடைசிக் குறியிலேயே குதித்துக்கொண்டிருக்கும். காற்றே அடிக்காத ஒரு நாளையும் சேர்த்து 4, 0, 3 என்று கொடுத்துப் பாருங்கள். பல பிள்ளைகள் 0-வைக் கண்டதும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒரு தாவல் தாவிவிடும், விடை 8 ஆகும். "அன்னைக்கு எத்தனை விழுந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

சில வாரத்தில் ஒரு மாற்றம் தெரியும். 4, 2, 3 என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளை 0-வைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராக 4-இல் விரலை வைத்து அங்கிருந்து தாவத் தொடங்கும். அதைத் தடுக்காதீர்கள். 20 வரை கோடு போட்டுக் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.