லீப் ஆண்டைத் தீர்மானிப்பவர் யார்? பாளையங்கோட்டை மொட்டைமாடியிலிருந்து ஒரு செய்முறை

நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த விதி முழுமையானதல்ல. எதற்காக அப்படி வகுக்கிறோம் என்பதையும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. நெல்லைச் சீமையில் இருப்பவர்கள் ஒரு கம்பையும் ஒரு தினசரி காலண்டரையும் வைத்துக்கொண்டே இதைத் தாங்களாகச் சரிபார்க்க முடியும் என்பதால், அந்த வழியிலேயே தொடங்குகிறேன்.

முதல் படி: சூரியனின் தேதியைக் கண்டுபிடியுங்கள்

திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8.7 பாகையில் இருக்கிறது. சூரியன் வடக்கு நோக்கி நகரும்போது ஏப்ரல் 12-ஐ ஒட்டி நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து போகிறது. திரும்பித் தெற்கே போகும்போது ஆகஸ்ட் மாதக் கடைசியில் மறுமுறை வருகிறது. அன்று நண்பகலில் செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழல் இராது. இதைத்தான் நிழலில்லா நாள் என்கிறார்கள். நம் ஊரில் சூரியனின் நண்பகல் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதால், ஏப்ரல் நடுவில் அது சுமார் 12.20-க்கு வரும்.

சமதளமான மொட்டைமாடியில் ஒரு மீட்டர் உயரக் கம்பை நிறுத்துங்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தாலும், கம்பு நேராக நிற்கிறதா என்று கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். கம்பு வடக்கிலோ தெற்கிலோ ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் நிழல் 17 மில்லிமீட்டர் மாறிவிடும், அது ஏறக்குறைய மூன்று நாள் பிழைக்குச் சமம்.

நிழலில்லா நாளன்று மட்டும் மாடிக்குப் போய் நின்றால் சரியான நாள் பிடிபடாது. சூரியன் ஒரு புள்ளியன்று, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு மீட்டர் கம்பின் நிழல் நுனி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கலாகவே விழும். எனவே ஏப்ரல் 8 முதல் 16 வரை தினமும் 12.20-க்கு நிழல் நுனியைச் சாக்பீஸால் குறித்து வாருங்கள். முதல் சில நாள்களில் நிழல் கம்புக்கு வடக்கே விழும், நாளுக்கு ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் குறைந்துகொண்டே வரும், பிறகு தெற்கே விழத் தொடங்கும். இருபுறமும் சம நீளம் உள்ள இரண்டு நாள்களுக்கு நடுநாளே உங்கள் நிழலில்லா நாள். இது எந்த அரசும் எந்த மதமும் குறித்துக் கொடுக்காத தேதி, சூரியன் தானாகத் தருவது.

இரண்டாம் படி: கால் நாளைக் கணக்கில் சேருங்கள்

ஒரு நிழலில்லா நாளிலிருந்து அடுத்த ஆண்டின் அதே நிழலில்லா தருணம் வர ஏறக்குறைய 365.2422 நாள்கள் ஆகின்றன. காலண்டரோ முழு நாள்களை மட்டுமே எண்ணும். 365 நாளோடு நிறுத்தினால் கால் நாளுக்குச் சற்றுக் குறைவான மிச்சம் ஒவ்வோர் ஆண்டும் விட்டுப்போகும். ஓராண்டில் அது உங்கள் சாக்பீஸ் குறியில் ஒன்றரை மில்லிமீட்டர்தான். நிழலின் மங்கலில் அது கரைந்துவிடும். நாற்பது ஆண்டு லீப் நாளே சேர்க்காமல் விட்டால் நிழலில்லா நாள் ஏப்ரல் 12-லிருந்து ஏப்ரல் 22-க்குப் போயிருக்கும். அதை எந்தக் கம்பும் காட்டிக்கொடுக்கும்.

இந்த மிச்சத்தை அடைக்கவே கி.மு. 45-ஆம் ஆண்டில் ஜூலியஸ் சீசரின் காலண்டர் நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைக் கூட்டியது. சீசர் இறந்தபின் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய ரோமப் பூசாரிகள், தொடங்கிய ஆண்டையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு, மூன்றாண்டுக்கு ஒரு முறை லீப் நாளைச் செருகிவிட்டார்கள். பின்னால் அகஸ்டஸ் சில லீப் நாள்களை நிறுத்திவைத்துத்தான் அதைச் சரிசெய்தார். லீப் ஆண்டை அவ்வப்போது மனிதர்கள் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மூன்றாம் படி: நூறாலும் நானூறாலும் வகுத்துப் பாருங்கள்

சீசரின் ஆண்டு 365.25 நாள்; சூரியனின் ஆண்டு 365.2422 நாள். வித்தியாசம் 0.0078 நாள், அதாவது ஆண்டுக்குப் பதினொரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். இந்தப் பதினொரு நிமிடங்கள் சேர்ந்து ஒரு முழு நாளாக 128 ஆண்டுகள் ஆகும். கி.பி. 325-இல் நைசியாவில் கூடிய கிறிஸ்தவ சபையின் காலத்தில் மார்ச் 21-ஐ ஒட்டி வந்த சமபகல் நாள், 1582-க்குள் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. 1257 ஆண்டுகளை 128-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பத்து வருகிறதல்லவா, அந்தப் பத்து நாள்தான் இது. ஈஸ்டர் பண்டிகையின் தேதி சமபகலை ஒட்டிக் கணக்கிடப்படுவதால் திருச்சபைக்கு இது பெரிய சிக்கலாயிற்று. அலோசியஸ் லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவரின் திட்டத்தை ஏற்று, போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582 அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று அறிவித்தார்.

பத்து நாளை நீக்கியது பழைய கடனை அடைத்ததே தவிர, புதுக் கடன் ஏறாமல் தடுக்கவில்லை. அதைத் தடுத்தது புது விதி. நானூறு ஆண்டில் சீசரின் கணக்குப்படி 100 லீப் நாள்கள் வரும். சூரியனுக்குத் தேவையானவை ஏறக்குறைய 97. ஆகவே நூற்றாண்டு முடிவு ஆண்டுகள் நான்கில் மூன்றின் லீப் நாளை எடுத்துவிட வேண்டும். நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு. 2000 லீப் ஆண்டு. 1900 அல்ல, 2100-உம் அல்ல. 2096-க்குப் பின் அடுத்த பிப்ரவரி 29, எட்டாண்டு கழித்து 2104-இல்தான் வரும்.

கணினியில் பார்க்க விரும்பினால், எக்செல்லில் A1 கட்டத்தில் 1900 அல்லது அதற்குப் பிந்தைய ஓர் ஆண்டை எழுதி, வேறொரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=DAY(DATE(A1,3,0))
```

இது பிப்ரவரியின் கடைசித் தேதியைத் தரும். 2100-க்கு 28 வரும், 2000-க்கு 29 வரும். 1900 என்று கொடுத்தால் மட்டும் 29 என்று தவறாகச் சொல்லும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அந்தப் பிழையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். வாய்ப்பாடு தவறு என்று எண்ணிவிட வேண்டாம்.

நான்காம் படி: யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பாருங்கள்

அடுத்த லீப் ஆண்டு எது என்று உலகில் எந்தக் குழுவும் கூடி முடிவெடுப்பதில்லை. விதி ஒரு முறை எழுதப்பட்டுவிட்டது. ஆண்டு எண்ணை வகுத்தால் விடை கிடைத்துவிடும். மனிதர்கள் தீர்மானித்தது அந்த விதியை ஏற்பதா இல்லையா என்பதை மட்டுமே, அதையும் ஒவ்வோர் அரசும் தன் சட்டத்தால் தீர்மானித்தது. போப் சொல்லிவிட்டார் என்பதற்காக இங்கிலாந்து உடனே மாறவில்லை. 1751-இல் நாடாளுமன்றச் சட்டம் இயற்றி, 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 ஆக்கியது; அதற்குள் நீக்க வேண்டியது பதினொரு நாளாகியிருந்தது. 1801-இல் நெல்லைச் சீமையின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனபோது, அவர்கள் கொண்டுவந்தது ஏற்கெனவே திருத்தப்பட்ட காலண்டர்தான்.

லீப் நொடி என்பது வேறு சங்கதி. அது பூமியின் சுழற்சி வேகத்தைப் பொறுத்தது, முன்கூட்டிக் கணிக்க முடியாதது. அதை மட்டும் பூமியின் சுழற்சியைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு அவ்வப்போது அளந்து அறிவிக்கிறது. செய்திகளில் இரண்டையும் குழப்பி எழுதுவதைப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: தை முதல் நாளை எண்ணுங்கள்

நம் தமிழ் ஆண்டுக்கு லீப் விதியே கிடையாது, ஆனாலும் அதற்கு 366 நாள் ஆண்டுகள் உண்டு. பழைய தினசரி காலண்டர்களை எடுத்துப் பொங்கல் தேதிகளைப் பாருங்கள். 2022-இல் ஜனவரி 14, 2023-இலும் 2024-இலும் ஜனவரி 15, 2025-இல் மறுபடி 14, 2026-இல் 15. இடைப்பட்ட நாள்களை எண்ணும்போது 2024 பிப்ரவரி 29-ஐ மறந்துவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது 366, 365, 365, 366 என்று வரும். ஆங்கிலக் காலண்டரில் பொங்கல் முன்னும் பின்னும் ஆடுவதாகத் தோன்றுவதற்கு, இரண்டு காலண்டர்களும் தத்தம் மிகுநாளை வெவ்வேறு ஆண்டில் சேர்ப்பதே காரணம்.

தமிழ் மாதம் சூரியன் ராசிக்குள் நுழையும் நேரத்தைக் கொண்டு பிறக்கிறது. அந்த நேரம் சூரிய அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே முதல் தேதி, பின் என்றால் மறுநாள். வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஓர் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை, அதாவது 365 நாளுக்கு மேல் 6 மணி 12 நிமிடம் 30 நொடி. ஆகவே சங்கராந்தி ஆண்டுதோறும் ஆறு மணிக்கு மேல் தள்ளிப் போகிறது. அஸ்தமனத்தைத் தாண்டும் ஆண்டில் ஒரு நாள் தானாகக் கூடிவிடுகிறது. பெரும்பாலும் நான்காண்டுக்கு ஒரு முறையும், மேலே கண்டதுபோல் சில நேரம் மூன்றாண்டிலும் இது நிகழும். இங்கே தீர்மானிப்பவர் பஞ்சாங்கம் கணிப்பவர். திருக்கணிதத்தார் வேறு அளவைக் கொள்வதால், சங்கராந்தி அஸ்தமனத்தை ஒட்டி விழும் ஆண்டுகளில் இரண்டு பஞ்சாங்கங்களும் ஒரு நாள் வேறுபடலாம்.

என் பார்வையில் இது லீப் விதியைவிட நேர்த்தியான ஏற்பாடு, ஆனால் இது தொடரும் சூரியன் வேறு. தமிழ் ஆண்டு நட்சத்திரங்களை வைத்துச் சூரியனை அளக்கிறது, நிழலை வைத்து அல்ல. அது கிரகோரியின் ஆண்டைவிட நீளம் என்பதால் ஏறக்குறைய 62 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகிறது. விவேகானந்தர் பிறந்த 1863-இல் மகர சங்கராந்தி ஜனவரி 12-ஆம் தேதி வந்தது. உங்கள் கம்பின் நிழலில்லா நாள் இன்று பங்குனியின் கடைசி நாள்களில் விழுகிறது. அறுநூறு ஆண்டுக்கு முன் இதே ஊரில் அதே நாள் சித்திரை பிறந்து ஒரு வாரத்துக்குப் பிறகு வந்திருக்கும். கிரகோரியின் விதியைப் பின்னோக்கி நீட்டி ஆங்கிலத் தேதியைக் கணக்கிட்டால் அது அன்றும் ஏப்ரல் 12-ஐ ஒட்டியே இருந்திருக்கும்.